விடுப்பு எழுதும் முன் ஒரு கணக்கு



திருச்சியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வரும் ஜூலை நடுவில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். மகள் தாய் வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளை பிறந்து ஒரு மாதமாவது கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. விடுப்புக் கணக்கில் 296 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பம் எழுதக் கை வரவில்லை. "அதை உடைக்காதீங்கக்கா, ரிட்டயர் ஆகும்போது முழுசா பணமா வரும். இப்ப எடுத்தா எடுத்த அத்தனை நாளும் நஷ்டம்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். அவர் மாதச் சம்பளக் கணக்குப்படி, எடுக்க நினைக்கும் 54 நாள் என்பது 1,62,000 ரூபாய். "அவ்வளவு பணத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்காரலாமா, இல்லை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு வைக்க முடியவில்லை. அவர் அஞ்சுகிற அந்த நஷ்டம் அவருடைய கணக்கில் இல்லவே இல்லை. இல்லாத நஷ்டத்துக்குப் பயந்து பிள்ளை பெற்ற மகளின் பக்கத்தில் இல்லாமல் போகப் பார்க்கிறார். அவரைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று தோன்றியது. அதனால்தான் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே வைத்துக்கொண்டேன். அவர் அனுமதியுடன், ஆள் அடையாளம் இல்லாமல், அவருடைய கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகள் பொருந்தும். அதன்படி ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் ஜூலை 1 அன்றும், வரப்போகும் அரையாண்டுக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பு முன்கூட்டியே கணக்கில் ஏறும். வருடத்துக்கு 30 நாள். இப்படிச் சேர்த்துக்கொண்டே போகலாம், ஆனால் 300 நாளோடு நின்றுவிடும். ஓய்வுபெறும் அன்று கணக்கில் இருக்கும் நாள்களுக்கு, அதிகபட்சம் 300 நாளுக்கு, பணம் கொடுத்துவிடுவார்கள். அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 30ஆல் வகுத்து, நாள்களால் பெருக்கினால் தொகை வந்துவிடும். வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் இந்தக் கணக்கில் சேராது. நம் வாசகிக்கு ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து சுமார் 90,000 ரூபாய். ஒரு நாளுக்கு 3,000 ஆகிறது. 300 நாளுக்கு ஒன்பது லட்சம்.

300ஐ நெருங்கிவிட்டவர்களுக்கு அடுத்த 15 நாள் எப்படி ஏறுகிறது என்பதுதான் பலர் கவனிக்காத இடம். கணக்கில் 285க்கு மேல் இருந்தால், புதிதாக வரும் 15 நாளை மொத்தத்தோடு சேர்க்காமல் தனியாகக் காட்டுவார்கள். 296 + 15 என்று. அந்த அரையாண்டில் எடுக்கும் விடுப்பு முதலில் அந்தத் தனி 15 நாளிலிருந்துதான் கழியும். அரையாண்டு முடியும்போது மிச்சமிருப்பதைப் பழைய இருப்போடு கூட்டுவார்கள்; 300ஐத் தாண்டுவது போய்விடும். அதாவது நம் வாசகி ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளும் எடுக்காமல் இருந்தால் 311 நாள் 300 ஆகிவிடும். 11 நாள் யாருக்கும் பயன்படாமல் அழிந்துவிடும். அடுத்த ஜனவரியில் வரும் 15 நாள் முழுவதும் அப்படியே போகும். அதற்கடுத்த ஜூலையிலும் அதே கதை. குடம் நிரம்பிய பிறகும் குழாயை மூடாமல் வைத்திருப்பது போலத்தான் இது. 300ஐத் தொட்டவர் எடுக்காமல் விடுகிற விடுப்பு பணமாகவும் வருவதில்லை, ஓய்வாகவும் வருவதில்லை.

இனி அவருடைய கணக்கு. அவர் 2028 ஜூன் 30 அன்று ஓய்வுபெறுகிறார். 2026 ஜூன் முடிவில் இருப்பு 296. ஜூலை 1 அன்று 15 ஏறும், 311. அதில் 54 நாளை எடுத்துவிட்டால் 257 மிச்சம். 2027 ஜனவரியில் 15 ஏறினால் 272. ஜூலையில் 287. 2028 ஜனவரியில் இன்னும் 15 வரும், அது 302. 300க்கு மேல் போன இரண்டு நாள் போய்விடும். ஓய்வுபெறும் அன்று 300 நாள், முழுத்தொகை, ஒன்பது லட்சம். 54 நாள் மகளோடு இருந்துவிட்டு வந்தும் ஒரு ரூபாய் குறையவில்லை. இடையில் அவர் வேறு ஈட்டிய விடுப்பு எடுக்கக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. சில்லறைத் தேவைகளுக்குத் தற்செயல் விடுப்பு இருக்கவே இருக்கிறது.

இதே 54 நாளைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். 2027இன் முதல் அரையாண்டில் எடுத்தால், அதற்குள் இருப்பு 300ஐத் தொட்டுச் சில நாள்கள் அழிந்திருக்கும். மீண்டு வர இரண்டு தவணை மட்டுமே இருக்கும். ஓய்வின்போது 291 நாள்தான் நிற்கும். 27,000 ரூபாய் குறைவு. 2027இன் இரண்டாம் அரையாண்டில் எடுத்தால் 276 நாள், குறைவு 72,000. கடைசி அரையாண்டில், அதாவது 2028 ஜனவரிக்குப் பிறகு எடுத்தால் 261 நாள், குறைவு 1,17,000. விடுப்பு ஒன்றுதான், நாள்களும் ஒன்றுதான். எப்போது எடுக்கிறோம் என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. "ரிட்டயர்மென்ட் நெருங்கட்டும், மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள்.

உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இன்றைய இருப்போடு, ஓய்வுபெறும் வரை இன்னும் எத்தனை 15 நாள் ஏறப்போகிறது என்பதைக் கூட்டுங்கள். அதிலிருந்து 300ஐக் கழியுங்கள். வருகிற எண்தான் நீங்கள் நஷ்டமில்லாமல் எடுக்கக்கூடிய நாள்கள். நம் வாசகிக்கு 296உடன் நான்கு தவணை, அதாவது 60 சேர்த்தால் 356. 300 போக 56. ஆனால் அதைச் சீக்கிரம் எடுத்தால்தான் அந்த எண் உண்மையாகும். ஒவ்வொரு அரையாண்டு தள்ளும்போதும் அது சுருங்கும். இருப்பு குறைவாக இருந்து கூட்டுத்தொகை 300க்குக் கீழே போனால், உங்களுக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் நிஜமாகவே பணம்தான். அப்போது யோசித்து எடுங்கள்.

குறைவு வந்தாலும் ஒரு துணை உண்டு. வருடத்துக்கு 20 நாள் வீதம் அரைச்சம்பள விடுப்பு தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஓய்வின்போது ஈட்டிய விடுப்பு 300க்குக் குறைந்தால், அந்தக் குறையை அரைச்சம்பள விடுப்பால் நிரப்பி, அந்த நாள்களுக்குப் பாதிச் சம்பள வீதத்தில் பணம் தருவார்கள். கடைசி அரையாண்டில் எடுத்து 39 நாள் குறைந்தாலும், அரைச்சம்பள விடுப்பு கையிருப்பில் இருந்தால் நிகர நஷ்டம் 58,500 ரூபாய்தான். இதனால்தான் உடம்பு சரியில்லாத நாள்களுக்கு ஈட்டிய விடுப்பைச் செலவழிக்காதீர்கள் என்று சொல்கிறேன். மருத்துவச் சான்றோடு அரைச்சம்பள விடுப்பை முழுச்சம்பள விடுப்பாக மாற்றி எடுக்கலாம். ஒரு நாளுக்கு இரண்டு அரைச்சம்பள நாள் கழியும், ஆனால் 300 என்கிற பெரிய இருப்பில் கை வைக்காமல் இருக்கலாம். ஈட்டிய விடுப்பில் இருக்கும்போதே நோய் வந்துவிட்டாலும், அந்த விடுப்பு முடிந்த 30 நாளுக்குள் எழுதிக் கேட்டால் அதை மருத்துவ அடிப்படையிலான விடுப்பாக மாற்றித்தர இடமுண்டு. அது அலுவலரின் முடிவு, உங்கள் உரிமை அல்ல. ஆனாலும் கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். வாசகி தன் கடிதத்தோடு ஒரு வரைவையும் இணைத்திருந்தார். அதில் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன்.

முதலாவது, தொடங்கும் தேதி. அவர் ஜூலை 1 முதல் விடுப்பு கேட்டிருந்தார். அவருடைய ஆண்டு ஊதிய உயர்வும் ஜூலை 1 அன்றுதான். அன்று விடுப்பில் இருந்தால் உயர்வு ரத்தாகாது. ஆனால் உயர்ந்த சம்பளம் திரும்பிவந்து பணியில் சேரும் நாளிலிருந்துதான் கைக்கு வரும். ஈட்டிய விடுப்பின் சம்பளம், விடுப்பில் போவதற்கு முன் கடைசியாக வாங்கிய சம்பளம்தான். இரண்டு மாதத்துக்குச் சுமார் 3 சதவீதம் என்றால் ஐயாயிரத்துக்கு மேல் போகும். ஜூலை 1 புதன்கிழமை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் வேலைக்குப் போய்விட்டு, 6ஆம் தேதி திங்கள் முதல் விடுப்பு எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. பிரசவம் மாத நடுவில் என்பதால் அவருக்கும் அது தோதாக இருந்தது.

இரண்டாவது, முன்னும் பின்னும் வரும் விடுமுறை நாள்கள். விடுப்புக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாமே விடுப்பு நாளாகத்தான் எண்ணப்படும். ஆனால் தொடக்கத்துக்கு முன்பும் முடிவுக்குப் பின்பும் ஒட்டி வரும் விடுமுறைகளை விடுப்பில் சேர்க்காமலே அனுபவிக்கலாம். ஐந்து நாள் வேலை வாரம் உள்ள அலுவலகத்தில், திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிகிற மாதிரி அமைத்தால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு நாள் மிச்சம். அவருக்கு ஜூலை 6 திங்கள் முதல் ஆகஸ்ட் 28 வெள்ளி வரை 54 நாள் வருகிறது. ஜூலை 4, 5 முன்னே. ஆகஸ்ட் 29, 30 பின்னே. 54 நாள் கழித்தால் 58 நாள் வீட்டில். இதை விண்ணப்பத்தில் சொல்லிக் கேட்பது நல்லது. படிவம் 1 எனப்படும் விடுப்பு விண்ணப்பத்தில் இதற்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

தற்செயல் விடுப்பை இதோடு ஒட்ட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "முதல் நான்கு நாள் சி.எல்., அதன்பின் இ.எல்." என்று எழுதிய விண்ணப்பம் திரும்பி வரும். விதிகளின் பார்வையில் தற்செயல் விடுப்பு ஒரு விடுப்பு வகையே அல்ல. ஈட்டிய விடுப்பு, அரைச்சம்பள விடுப்பு, மருத்துவச் சான்றின் மேல் மாற்றிய விடுப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்ச்சியாக இணைக்கலாம். ஈட்டிய விடுப்பு மட்டும் ஒரே மூச்சில் 180 நாளுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அரைச்சம்பள விடுப்பைப் பின்னால் சேர்த்துக் கேட்க வேண்டும்.

படிவத்தில் பெயர், பதவி, ஊதியம், விடுப்பின் வகை, நாள்கள், காரணம், கடைசியாக விடுப்பு முடிந்து திரும்பிய தேதி, விடுப்புக் கால முகவரி என்று கட்டங்கள் இருக்கும். அதை நிரப்பிக் கொடுத்தாலே சட்டப்படி போதும். ஆனால் இரண்டு மாத விடுப்பு கேட்பவர் ஒரு முகப்புக் கடிதமும் வைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. காரணம், விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பொதுப்பணியின் தேவையைக் காட்டி அலுவலர் மறுக்கலாம், தள்ளிவைக்கலாம், பாதியில் திரும்பக் கூப்பிடலாம். அவர் செய்ய முடியாதது ஒன்று உண்டு. நீங்கள் கேட்ட விடுப்பின் வகையை அவராக மாற்ற முடியாது. ஈட்டிய விடுப்பு கேட்டால், "இருப்பில் அரைச்சம்பளம் நிறைய இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அதைத் தலையில் கட்டக் கூடாது.

ஆக, அந்த அலுவலரின் மனத்தில் எழும் ஒரே கேள்வி, "இரண்டு மாதம் இந்த இருக்கையின் வேலை என்னாகும்?" என்பதுதான். கடிதம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மத்திய அலுவலகங்களில் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் போகும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள்; சொல்ல வேண்டியது தெளிந்துவிட்டால் எந்த மொழியிலும் அது நிற்கும். நம் வாசகியும் நானும் சேர்ந்து எழுதியது இது:

பொருள்: 06.07.2026 முதல் 28.08.2026 வரை 54 நாள் ஈட்டிய விடுப்பு, முன்பின் விடுமுறை நாள்களைச் சேர்த்து அனுபவிக்க அனுமதியுடன் வேண்டுதல்.

ஐயா, என் மகளின் முதல் பிரசவம் வரும் ஜூலை நடுவில் எதிர்பார்க்கப்படுகிறது. அவரையும் குழந்தையையும் உடனிருந்து பார்த்துக்கொள்ள, மேற்கண்ட நாள்களுக்கு ஈட்டிய விடுப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்னதாக வரும் 04.07.2026, 05.07.2026 ஆகிய நாள்களையும், பின்னதாக வரும் 29.08.2026, 30.08.2026 ஆகிய நாள்களையும் விடுப்போடு இணைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். 31.08.2026 திங்கள் முற்பகல் பணியில் சேருவேன்.

30.06.2026 அன்று என் கணக்கில் 296 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கும். என் பிரிவில் நிலுவையிலுள்ள கோப்புகளின் பட்டியலையும், இரண்டு மாதங்களில் முடிக்க வேண்டிய கெடுத்தேதிகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த இருக்கையில் உள்ளவரிடம் ஜூன் கடைசி வாரத்தில் கோப்புகளை ஒப்படைத்து விளக்குவேன். விடுப்புக் காலத்தில் என் வீட்டு முகவரியிலேயே இருப்பேன், தொலைபேசியில் தொடர்புகொள்ளலாம்.

அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, "நான் இத்தனை ஆண்டு விடுப்பே எடுக்காமல் உழைத்தேன்" என்ற பட்டியலும் இல்லை. அதை அவர் முதல் வரைவில் ஒரு பத்தி எழுதியிருந்தார். எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் பத்தியை எழுதும்போது அவருக்கு என்ன வலித்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அது அலுவலர் கையெழுத்துப் போட உதவாது. கோப்புப் பட்டியல் உதவும். "சொந்தக் காரணம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதும் தவறில்லை. இருந்தாலும், தள்ளிப்போட முடியாத தேதி ஒன்று இருக்கும்போது அதைச் சொல்லிவிடுவது நல்லது. பிரசவத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல எந்த அலுவலருக்கும் மனம் வராது.

மே முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்றேன். எழுத்துப்பூர்வமான ஆணை கைக்கு வரும் வரை, வாய்வார்த்தையை நம்பிக் கிளம்ப வேண்டாம். விடுப்பு நீட்டிப்பு வேண்டியிருந்தால் முடியும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் தங்கிவிட்டால் அந்த நாள்களுக்குச் சம்பளமும் கிடையாது, அரைச்சம்பள விடுப்புக் கணக்கிலும் அந்த நாள்கள் கழியும். வேண்டுமென்றே தங்கியதாகக் கருதினால் ஒழுங்கு நடவடிக்கையும் வரும். முன்னதாகத் திரும்பி வருவதானாலும் அனுமதி தேவை. ஒரு காலண்டர் மாதம் முழுவதும் விடுப்பில் இருந்தால் அந்த மாதப் போக்குவரத்துப்படி வராது என்பதும் நினைவிருக்கட்டும். நம் வாசகி ஆகஸ்ட் 31 அன்று வேலைக்கு வந்துவிடுவதால் அவருக்கு அதுவும் குறையாது.

பணத்துக்கு வருகிறேன். "பணியில் இருக்கும்போதே விடுப்பைப் பணமாக்க முடியாதா?" என்ற கேள்வியும் அவர் கடிதத்தில் இருந்தது. மத்திய அரசில் அதற்கு ஒரு வாசல்தான் உண்டு. விடுப்புப் பயணச் சலுகையில், அதாவது எல்.டி.சி.யில் போகும்போது, ஒரு பயணத்துக்கு 10 நாள் ஈட்டிய விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளலாம். பணிக்காலம் முழுவதற்கும் 60 நாள். அப்படிப் பணமாக்கிய பிறகும் கணக்கில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். முக்கியமான செய்தி, இந்த 60 நாள் ஓய்வின்போது கிடைக்கும் 300 நாளில் கழிக்கப்படுவதில்லை. ஆக, 300ஐத் தொட்டு நிற்பவர், அழிந்துபோகப் போகிற நாள்களில் 10ஐ இப்படிக் காசாக்கிக்கொள்ளலாம். பயண விண்ணப்பத்தோடு சேர்த்தே, கிளம்பும் முன்பே கேட்டு ஆணை வாங்கிவிடுங்கள்; திரும்பிவந்து கேட்டால் இழுபறிதான். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது கொஞ்சம்தான்: எந்தத் தொகுப்பாண்டுச் சலுகை, பயணத் தேதி, இதுவரை எத்தனை நாள் பணமாக்கியிருக்கிறீர்கள், இப்போது கேட்கும் 10 நாள் போக மீதி இருப்பு எவ்வளவு. நடுவில் வாங்கும் இந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டு. ஓய்வின்போது அரசு ஊழியருக்குக் கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கு முழு விலக்கு.

தமிழ்நாடு அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் இதைப் படிக்கும்போது உங்கள் எண் வேறு என்பதை மறக்க வேண்டாம். உங்களுக்குச் சேமிப்பின் உச்சம் 240 நாள். சரண்டர் என்று நாம் சொல்லும் ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 15 நாள் வரை ஒப்படைத்துப் பணம் பெறும் முறை 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் வரும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தனியார் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு நிறுவனத்தின் விதிப்புத்தகம்தான் பேசும். எத்தனை நாள் வரை அடுத்த ஆண்டுக்குப் போகும், பணம் அடிப்படை ஊதியத்தில் மட்டுமா மொத்த ஊதியத்திலா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வின்போதோ விலகும்போதோ கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கு அவர்களுக்கும் வரிவிலக்கு உண்டு; அதன் உச்சவரம்பு 2023இல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது.

மத்திய அரசில் ஓய்வுபெறும்போது விடுப்புப் பணத்துக்குத் தனி விண்ணப்பம் எழுதத் தேவையே இல்லை. விடுப்பு வழங்கும் அலுவலரே தாமாக ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த ஆணை பணிப்பதிவேட்டில் உள்ள விடுப்புக் கணக்கைப் பார்த்துத்தான் எழுதப்படும். அந்தக் கணக்கு சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை. பத்து வருடத்துக்கு முன் கொடுத்த விடுப்பைப் பின்னால் ரத்து செய்திருப்பார்கள், கழித்தது திரும்பச் சேர்ந்திருக்காது. இடமாறுதலில் பழைய அலுவலகத்தின் கடைசி அரையாண்டுக்கான 15 நாள் விட்டுப்போயிருக்கும். சம்பளமில்லா விடுப்பில் இருந்தவர்களுக்கு, அப்படி இருந்த நாள்களில் பத்தில் ஒரு பங்கை அடுத்த அரையாண்டு வரவில் குறைக்க வேண்டும். அதைக் குறைக்காமல் விட்டிருந்தால், ஓய்வின்போது தணிக்கையில் பிடித்து மொத்தமாகக் குறைப்பார்கள். இதெல்லாம் கடைசி மாதத்தில் தெரியவந்தால் பழைய கோப்பைத் தேட ஆள் இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டை ஊழியருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்போது முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூடிவிடாதீர்கள். விடுப்புக் கணக்குப் பக்கத்தைத் திருப்பி, அரையாண்டு அரையாண்டாக விரல் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு வரை காத்திராமல் வேலையை விட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விருப்ப ஓய்வில் போனால் 300 நாள் வரை முழுப் பணமும் உண்டு. ராஜினாமா செய்தால் இருப்பில் பாதிக்குத்தான், அதுவும் 150 நாளுக்கு மேல் போகாமல். இரண்டு கடிதத்துக்கும் ஒரு வரிதான் வித்தியாசம். எதை எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுங்கள்.

திருச்சி வாசகி பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். 296 நாள் சரியாகத்தான் இருக்கிறதாம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டதாகவும், கோப்புப் பட்டியலைப் பார்த்த அலுவலர் வேறு எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆணை வந்ததும் அதில் முன்பின் விடுமுறை நாள்கள் நான்கும் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், விட்டுப்போயிருந்தால் கிளம்பும் முன்பே திருத்தம் கேளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.

உங்கள் விடுப்புக் கணக்கில் குழப்பம் இருந்தால் எழுதுங்கள். ஓய்வுபெறும் தேதி, இன்றைய ஈட்டிய விடுப்பு இருப்பு, அரைச்சம்பள விடுப்பு இருப்பு, ஊதிய உயர்வு மாதம் ஆகிய நான்கையும் குறிப்பிட்டால் போதும், கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்